சிரிப்பு சாட்சி சொல்லாது

2025 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலேசியத் தமிழர்கள் பலருடைய கைப்பேசிக்கு ஒரு சிறிய காணொளி வந்து சேர்ந்தது. ஏரா எஃப்எம் என்ற மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் மூவர் அதில் வேடிக்கை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ‘வேல் வேல்’ என்று சொல்லியபடி காவடி எடுப்பவரைப் போல ஆட, உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். தைப்பூசம் முடிந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. காணொளி வெளியானதும் அந்த வானொலியின் சொந்தச் சமூக வலைத்தளப் பக்கத்தில்தான். கண்டனம் எழுந்ததும் அதை நீக்கினார்கள். அறிவிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நிறுவனம் அவர்களை இடைநீக்கம் செய்தது. போலீஸ் விசாரணை தொடங்கியது. தொடர்பு, பல்லூடக ஆணையம் உரிமத்தை நிறுத்திவைக்கப்போவதாக முதலில் அறிவித்து, கடைசியில் 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிய பேச்சு அப்போது பெரும்பாலும் தண்டனை போதுமா, மன்னிப்பு உண்மையானதா என்பதைச் சுற்றியே நடந்தது. வேலையிடத்தில் பல இனத்தவரோடு நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று. அந்த வேடிக்கை நடந்த இடத்தில் அது வெற்றி பெற்ற வேடிக்கை. இருந்தவர்கள் சிரித்தார்கள். அதைப் படமெடுத்தவர், பதிவேற்றியவர் யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. அதே சில வினாடிகள் வெளியே வந்ததும் நேர்த்திக்கடனுக்காக நோன்பிருந்து அலகு குத்தியவரையும், அவருக்குப் பின்னால் பால்குடம் சுமந்து நடந்த தாயையும் கேலி செய்வதாக ஆனது. நகைச்சுவை மாறவில்லை; கேட்டவர்கள்தான் மாறினார்கள்.

ஜொகூரில் ஒரு சாதாரணத் தொழிற்சாலையில் இந்த ‘உள்ளே’யும் ‘வெளியே’யும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. பாசிர் கூடாங்கிலோ செனாயிலோ காலை ஷிப்ட் தொடங்குமுன் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மட்டுமல்ல, நேப்பாளியும் வங்காளதேசியும் மியன்மார்க்காரரும் நிற்கிறார்கள். அங்கே சொல்லும் வேடிக்கை எல்லை மீறுகிறதா என்பதைச் சொன்ன பிறகு அல்ல, சொல்லுமுன் அறிய முடியுமா? முடியும் என்றே நம்புகிறேன். அதற்குச் சில கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிரித்தார்களே, அது போதாதா?

முதலில் ஒரு தவறான அளவுகோலைக் கீழே வைத்துவிட வேண்டும். ‘எல்லாரும் சிரித்தார்களே, அவரும்தானே சிரித்தார்’ என்பதுதான் வேலையிடத்தில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம். ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பொது இடங்களில் மக்கள் பேசிக்கொள்வதைக் கவனித்து, 1,200 சிரிப்புகளைக் குறித்துவைத்து ஆராய்ந்தார். அவற்றில் நகைச்சுவை என்று ஓரளவாவது சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை பத்து முதல் இருபது விழுக்காடுதான். மற்றவை ‘சரி, பார்க்கலாம்’, ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின் வந்தவை. மனிதர்கள் சிரிப்பது பெரும்பாலும் ‘நானும் உங்களோடு இருக்கிறேன்’ என்று காட்டுவதற்காக.

இதை வேலையிடத்தில் பொருத்திப் பாருங்கள். சூப்பர்வைசர் ஒரு வேடிக்கை சொல்கிறார். எதிரே நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அடுத்த மாத மிகைநேர வேலை யாருக்கு என்று பட்டியல் போடுபவரும் அந்த சூப்பர்வைசர்தான். அந்தத் தொழிலாளி சிரிக்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. ஆகவே அவர் சிரிப்பில் நகைச்சுவை எவ்வளவு, பிழைப்பு எவ்வளவு என்று சொன்னவரால் பிரித்தறிய முடியாது. முதல் கேள்வி இங்கே பிறக்கிறது: இந்த வேடிக்கை யாரைத் தொடுகிறதோ அவர் சிரிக்காமல் இருந்தால், அல்லது ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொன்னால், அவருக்கு என்ன இழப்பு? இழப்பு எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், அவர் சிரிப்பைச் சம்மதமாக எண்ணக்கூடாது.

பதவி ஏணியில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைச் சீண்டுவது இதிலிருந்து வேறு. மேலாளர் கொண்டுவந்த புதிய விடுப்புப் படிவத்தை ஊழியர்கள் கேலி செய்தால் அவர் முகம் சுளிக்கலாம். ஆனால் ‘போதும்’ என்று சொல்ல அவருக்குத் தடையில்லை. மனத்தாங்கல் இரண்டிலும் உண்டு. பதில் சொல்லும் வாய்ப்பு ஒன்றில்தான் உண்டு.

அலி, ஆ சோங், முத்து

இரண்டாவது கேள்வி நகைச்சுவையின் உள்ளே போகிறது. சிரிப்பு எதிலிருந்து கிளம்புகிறது? இதைப் பார்க்க மலேசியாவில் வளர்ந்த எல்லாரும் அறிந்த ஒரு வகையையே எடுத்துக்கொள்ளலாம். அலி, ஆ சோங், முத்து என்று மூவர் வருவார்கள். மூவருக்கும் ஒரே சோதனை. முதல் இருவர் ஏதோ செய்ய, மூன்றாமவர் செய்வதில் சிரிப்பு வெடிக்கும்.

மூவரும் ஆளில்லாத் தீவில் சிக்கியிருக்கிறார்கள். ஒரு பூதம் ஆளுக்கொரு வரம் தருகிறது. அலி வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார், போய்விடுகிறார். ஆ சோங்கும் அப்படியே கேட்டுப் போய்விடுகிறார். முத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ‘தனியாக இருக்க ஒரு மாதிரி இருக்கிறது, அவர்கள் இருவரையும் திரும்பக் கூப்பிடு’ என்கிறார். இது ஒரு வடிவம். இன்னொரு வடிவத்தில் முத்து கேட்பது ஒரு பீப்பாய்க் கள்.

இப்போது பெயர்களை எடுத்துவிட்டு, கணக்குப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு, விற்பனைப் பிரிவு ஆட்கள் என்று வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் வடிவம் அப்படியே நிற்கிறது. தனிமைக்கு அஞ்சி நண்பர்களையும் சேர்த்து மாட்டிவிடும் மனிதன் எந்தப் பிரிவிலும் இருப்பான். இரண்டாம் வடிவம் விழுந்துவிடுகிறது. விற்பனைப் பிரிவு ஆள் கள் கேட்டால் அதில் வேடிக்கை எதுவுமில்லை. அங்கே சிரிப்பை உண்டாக்கியது கதை அல்ல. ‘தமிழன் என்றால் குடிப்பான்’ என்ற எண்ணம். கேட்பவர் சிரிக்க வேண்டுமானால் அந்த எண்ணத்தை ஒரு கணமாவது உண்மையென்று கையில் பிடித்திருக்க வேண்டும்.

இதுதான் சோதனை. இனம், மதம், நாடு, பால், உடற்குறை ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். நகைச்சுவை பிழைத்தால், அந்த அடையாளம் அதற்குத் தேவையே இல்லை, எடுத்துவிட்டே சொல்லுங்கள். செத்துவிட்டால், நீங்கள் சொல்ல வந்தது ஒரு கதையை அல்ல, ஒரு கூட்டத்தைப் பற்றிய தீர்ப்பை. ‘மூன்று இனத்தையும்தானே சொல்கிறோம், சமமாகத்தானே கேலி செய்கிறோம்’ என்பார்கள். மூன்று பெயர் வருவதால் சமம் வந்துவிடாது. கடைசி நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பூதக் கதையின் முதல் வடிவமும்கூட, ஒவ்வொரு முறையும் முத்துவையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தால், தன் குற்றமற்ற தன்மையை மெல்ல இழந்துவிடும்.

இதனால் கேட்பவரிடம் என்ன நேர்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தாமஸ் ஃபோர்ட், மார்க் ஃபெர்குசன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2004-இல் முன்வைத்த விளக்கம் இது: ஒரு கூட்டத்தைத் தாழ்த்தும் நகைச்சுவை புதிதாக யாருக்கும் வெறுப்பை ஊட்டுவதில்லை. ஏற்கெனவே மனத்தில் வெறுப்பு உள்ளவருக்கு, ‘இந்த இடத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்ற செய்தியைத் தருகிறது. பிறகு நடக்கும் பாகுபாட்டை அவர் இன்னும் எளிதாகப் பொறுத்துக்கொள்கிறார். வேலையிடத்தில் இதன் பொருள் கனமானது. கள் வேடிக்கையைச் சொன்ன நல்ல மனிதர் அதோடு மறந்துவிடலாம். அதைக் கேட்ட ஒருவர் அடுத்த வாரம் நேர்காணல் மேசையில் ஒரு தமிழ் இளைஞனின் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

எடை எங்கிருந்து வருகிறது

மூன்றாவது கேள்வி: இந்த வேடிக்கை தொடும் பொருளுக்கு, தொடப்படுபவர் வாழ்வில் எவ்வளவு எடை? சொல்பவருக்கு இலேசாக இருப்பது கேட்பவருக்குப் பாரமாக இருப்பது இங்கேதான்.

கள்ளையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் காலத்து ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடையும் தோட்ட வாழ்வின் ஒரு பகுதியாக இருந்தது. கூலியின் ஒரு பங்கு அங்கேயே போய்ச் சேர்ந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கள்ளை எதிர்த்துப் போராடிய பாட்டனின் பேரனிடம்தான் ஜொகூர் பாரு அலுவலகத்தில் ஒருவர் ‘என்ன முத்து, நேற்று எத்தனை பாட்டில்’ என்று கேட்கிறார். கேட்டவருக்கு அந்த வரலாறு தெரியாது என்பதை நம்பலாம். ஆனால் தெரியாததால் எடை குறைவதில்லை.

காவடி வேடிக்கையின் எடையும் அப்படித்தான். ஆடுபவரின் உடல் அசைவை மட்டும் கண்டவருக்கு அது விநோதமான நடனம். நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, பிள்ளையின் நோய்க்காகவோ கணவரின் அறுவை சிகிச்சைக்காகவோ நேர்ந்துகொண்டு எடுத்தவருக்கு அது வாக்குறுதி. வழிபாடு, இறப்பு, நோய், தாய்மை, சாப்பிடக்கூடாத உணவு ஆகியவை ஏறக்குறைய எல்லாச் சமூகத்துக்கும் கனமானவை. நோன்பு மாதத்தில் மலாய் நண்பரின் மூக்குக்கு முன் தே தாரிக்கை நீட்டி ‘ஒரு வாய்’ என்று சிரிக்கும் நம்மவரும் அதே தவற்றைத்தான் செய்கிறார். நண்பர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். முதல் கேள்விக்குத் திரும்புங்கள்: அவர் வேறென்ன செய்ய முடியும்?

பாலியல் வேடிக்கைக்கு மட்டும் இந்த எடையை நாமே நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை; சட்டம் நிறுத்து வைத்திருக்கிறது. மனிதவள அமைச்சு 1999-இல் வெளியிட்ட நடத்தை நெறி, வேலையிடத்துப் பாலியல் தொல்லையின் வடிவங்களைப் பட்டியலிடும்போது சொல்லால் செய்யும் தொல்லையில் வேடிக்கைப் பேச்சையும் கிண்டலையும் சேர்த்தது. ஓர் உயர் அதிகாரி தன்கீழ் வேலை செய்த பெண்ணிடம் ஆபாசமாகவும் கொச்சையாகவும் தொடர்ந்து பேசிய வழக்கில், 2016 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு வழங்கப்பட்ட 120,000 ரிங்கிட் இழப்பீட்டை உறுதிசெய்தது. பாலியல் தொல்லைக்காகத் தனியே வழக்குத் தொடுக்கலாம் என்ற கொள்கையும் மலேசியச் சட்டத்துக்கு அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு முதலாளியும் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில்படும்படி ஒட்ட வேண்டும். 2024 மார்ச்சில் இதற்கென ஒரு தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. அது 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். இன வேடிக்கைக்கு இவ்வளவு தெளிவான பாதை வேலையிடச் சட்டத்தில் இல்லை. அதனாலேயே அதைச் சொல்பவரின் பொறுப்பு கூடுகிறது.

நம்மை நாமே சொன்னால்?

இங்கே நம்மவர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். நாம் நம்மையே கேலி செய்தால் என்ன? தமிழர் கூடும் கல்யாண வீட்டில் மாமாவின் கறுப்பு நிறத்தையும் அத்தையின் பருமனையும் சொல்லித்தானே சிரிக்கிறோம்?

அந்தச் சிரிப்பில் எல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். நம் சினிமா நகைச்சுவை நிறத்தையும் உருவத்தையும் திருநங்கைகளையும் நெடுங்காலம் மலிவான சிரிப்புக்குப் பயன்படுத்தியது. ஆனாலும் கவுண்டமணி செந்திலைத் திட்டி உதைக்கும் காட்சியில் ஒன்று தெளிவாக இருந்தது. இருவரும் நடிகர்கள், இருவரும் அந்த வேடத்தை ஏற்றுச் சம்பளம் வாங்கியவர்கள், பல காட்சிகளில் கடைசியில் வெல்வதும் செந்தில்தான். அலுவலகத்தில் ஒருவர் கவுண்டமணியாகத் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் செந்தில் வேடத்தை ஏற்க எதிரே இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. ஒல்லியான பையனுக்கோ கறுத்த பெண்ணுக்கோ ஒரு பட்டப்பெயர் விழுகிறது. ஐந்து ஆண்டு அதுவே பெயராகிறது.

தன்னைத்தானே கேலி செய்துகொள்பவர் தன்னைப் பற்றி மட்டும் சொல்லும்வரை அவருக்கு உரிமை உண்டு. ‘நான் காரை நிறுத்திய இடத்தை மறப்பவன்’ என்பது அவர் கதை. ‘நாங்கள் தமிழர்கள் எப்போதும் தாமதம்’ என்று கலப்பு அவையில் சொல்லும்போது, அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரந்தவறாத தமிழ்ப் பெண்ணின் சார்பிலும் அவர் பேசிவிடுகிறார். அடுத்த முறை அவள் போக்குவரத்து நெரிசலில் சிக்கிப் பத்து நிமிடம் பிந்தினால், ‘உங்கள் ஆளே சொன்னாரே’ என்று ஒருவர் சிரிப்பார்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் சொன்னால் மற்றவருக்குப் புரியாது என்று நினைத்து மலாய்க்காரரையும் வங்காளதேசிகளையும் பற்றிப் பேசுவது நம்மிடம் இருக்கும் பழக்கம். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த மலாய்க்காரரும் சீனரும் ஜொகூரில் இருக்கிறார்கள். வார்த்தை புரியாவிட்டாலும், எல்லாரும் தன்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

ஒரு விருந்து மேடை

இந்தக் கேள்விகளை வைத்து ஒன்றை முழுமையாகப் பார்ப்போம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருடாந்திர விருந்து. நிகழ்ச்சி நடத்துபவர் தமிழர், மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுவார், மூன்று வேடிக்கைகளை எழுதிவைத்திருக்கிறார்.

முதலாவது ஜொகூர் பாலத்து நெரிசல்: ‘பாலத்தில் ஏறும்போது என் தலைமுடி கறுப்பு. உட்லண்ட்ஸில் இறங்கும்போது முழுக்க நரை. அதிகாரி கடப்பிதழைப் பார்த்துவிட்டு, தவறுதலாக உங்கள் மகனுடையதைக் கொடுத்துவிட்டீர்கள் என்றார்.’ யாரைத் தொடுகிறது? சொல்பவரையும் சாலையையும். இன அடையாளம் இல்லை. நெரிசல் எல்லாருக்கும் அலுப்பு, யாருக்கும் புனிதமல்ல. மொழி மாற்றினாலும் நிற்கிறது. சொல்லலாம். ஒரே ஒரு கவனம்: அதே வாரத்தில் சக ஊழியர் யாரேனும் பாலத்துக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டிருந்தால், அன்றைக்கு மட்டும் இதையும் விட்டுவிட வேண்டும். எடை நாளுக்கு நாள் மாறும்.

இரண்டாவது, வாயிலில் நிற்கும் நேப்பாளிக் காவலர் தூங்குவதைப் பற்றியது. அவர் அந்த மண்டபத்திலேயே இல்லை. வாசலில் வேலையில் இருக்கிறார். ‘நேப்பாளி’ என்பதை எடுத்துவிட்டால் தூங்கும் காவலர் கதையாகக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அந்த நிறுவனத்தில் காவலர்கள் எல்லாரும் நேப்பாளிகள். எடுத்தாலும் எல்லாருக்கும் தெரியும். தூங்கினார் என்ற பேச்சு மேலாளர் காதில் விழுந்தால் வேலைக்கே ஆபத்து. சிரிக்காமலிருக்கவும் மறுத்துப் பேசவும் அவருக்கு வழியில்லை. முதல் கேள்வியிலேயே இது நின்றுவிடுகிறது.

மூன்றாவது, போன மாதம் திருமணமான பெண் லைன் லீடர் காலையில் சோர்ந்து வருவதைப் பற்றிய ‘இலேசான’ கிண்டல். ஆபாசச் சொல் ஒன்றுகூட இல்லை. அவள் நல்ல மனநிலையில் இருப்பவள், சிரித்துவிடுவாள். ஆனால் முந்நூறு பேர் அவள் படுக்கையறையைக் கற்பனை செய்தால்தான் இதற்குச் சிரிக்க முடியும். நாளைக் காலை அவள் முப்பது ஆண்களுக்கு வேலை சொல்ல வேண்டியவள். இதை அடித்துவிடுவதுதான் சரி. அடித்ததால் விருந்துக்கு எந்தக் குறையும் வராது.

சொன்ன பிறகு

எவ்வளவு யோசித்தாலும் சில நேரம் தவறும். தவறியதைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. தொடப்பட்டவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிந்திச் சிரிப்பார். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்குப் போவார். மிகத் தெளிவான அடையாளம் இதுதான்: உங்கள் வேடிக்கையை வேறொருவர் இன்னும் கொச்சையாகத் திருப்பிச் சொல்வார். நீங்கள் திறந்த கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பது அப்போது தெரியும்.

திருத்துவதற்கும் முறை இருக்கிறது. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்கும் மன்னிப்பு, புண்பட்டவரையே சந்தேகிக்கிறது. என்ன சொன்னேன், அது ஏன் தவறு என்று இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் இருக்கும் இடத்தில் சொல்ல வேண்டும். தொடப்பட்டவரை எழுப்பிக் கைகுலுக்கச் சொல்லக்கூடாது. மன்னிப்பதாகக் காட்டவேண்டிய கட்டாயமும் அவருக்குச் சுமைதான்.

ஒருவர் வருந்தினார் என்பதால் மட்டும் எல்லா வேடிக்கையும் குற்றமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சாலை, உணவகத்துக் குழம்பு, அடிக்கடி நின்றுபோகும் இயந்திரம், முடிவே இல்லாத கூட்டங்கள், நிர்வாகத்தின் புதிய விதி என்று எல்லாரும் சேர்ந்து சிரிக்க வேலையிடத்தில் நிறையவே இருக்கிறது. மேலே சொன்ன கேள்விகள் அவற்றில் எதையும் தடுப்பதில்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒருவர் தயங்குகிறார் என்றால், கேட்கப்போகிறவர்களில் யாரோ ஒருவரின் முகம் ஏற்கெனவே அவர் மனத்தில் வந்துவிட்டது. அந்த முகத்துக்கு உரியவர் யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் போதும். அவர் சார்பில் விடை கிடைத்துவிட்டது.